கட்டாத பூ

சாலைப் பாதுகாப்பு மாதத்துக்கான குறும்படம்: பின்னணிக் குரல் ஸ்கிரிப்ட்
ஓடும் நேரம்: 60 விநாடி
களம்: நிலக்கோட்டை பக்கம் ஒரு கிராமம், தை மாதம், விடியலுக்கு முன்
குரல்: ஒரே பெண் குரல், நாற்பது வயது. பூ கட்டுபவர். பின்னணி இசை கிடையாது.

குரல் கொடுப்பவருக்கு:
இந்தப் பெண் கணவரை இழந்து ஒரு வருடம் ஆகிறது. அழுது முடித்துவிட்டவர். அதனால் குரல் எங்கும் தழுதழுக்க வேண்டாம். கை பாட்டுக்குப் பூ கட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல இருந்தால் போதும். பேச வேண்டியது 60 வார்த்தைக்கும் குறைவுதான். நிதானமாகப் பேசினாலும் 40 விநாடிக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரம் மௌனத்துக்கு. நேரம் இருக்கிறதே என்று இழுக்க வேண்டாம். ஒலிப்பதிவுக்கு வரும்போது கையில் கொஞ்சம் நாரும் பூவும் தருகிறோம். கட்டிக்கொண்டே பேசுங்கள், மூச்சு தானாக அமையும்.

0 – 7 விநாடி
படம்: குண்டு பல்பு வெளிச்சம். ஈரத் துணியில் மல்லிகை மொட்டு. நாரைச் சுண்டி முடிச்சுப் போடும் விரல்கள்.
குரல்: மல்லிப்பூ விடியறதுக்குள்ள மார்க்கெட்டுக்குப் போயாகணும். மொட்டு விரிஞ்சா விலை போகாது.

7 – 15 விநாடி
படம்: கணவர் பூ மூட்டையை வண்டியின் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார். இழுத்துப் பார்க்கிறார். மறுபடி ஒரு முடிச்சு. பிறகு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்க்கிறார்.
குரல்: எங்க வீட்டுக்காரரு இருட்டோட கிளம்பிருவாரு. ஹெல்மெட் இல்லாம வண்டிய எடுத்ததே இல்ல.

15 – 27 விநாடி
படம்: மிக நெருக்கத்தில், தாடைக்குக் கீழே ஆடும் ஹெல்மெட் பட்டை. வண்டி நகர நகர அது காற்றில் அடித்துக்கொள்கிறது. மூட்டைக்கு ரெண்டு முடிச்சு போட்ட கைதான் இதை விட்டுவிட்டது என்பது பார்ப்பவருக்குத் தானாகப் பட வேண்டும். குரலில் அதைச் சொல்லவில்லை.
குரல்: ஆனா கிளிப்ப மாட்ட மாட்டாரு. கழுத்துல உறுத்துதும்பாரு. 'மூணு கிலோமீட்டர்தானே, இந்தா போயிட்டு வந்துர்றேன்'ம்பாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்.

27 – 35 விநாடி
படம்: பனி. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. திரை முழுக்கக் கறுப்பு.
குரல்: இங்கே பேச்சு எதுவும் கிடையாது.
ஒலி: பிரேக். பிறகு, காலியான ஏதோ ஒன்று தார் ரோட்டில் உருண்டு உருண்டு நிற்கும் சத்தம். இதை லைப்ரரியில் இருந்து எடுக்க வேண்டாம். நிஜ ஹெல்மெட்டை நிஜ ரோட்டில் உருட்டிப் பதிவு செய்ய வேண்டும். விபத்தையோ ரத்தத்தையோ எங்கும் காட்டக் கூடாது. இந்த ஒரு சத்தமே போதும்.

35 – 44 விநாடி
படம்: ரோட்டோரம் மல்லாந்து கிடக்கும் ஹெல்மெட். அதைச் சுற்றிச் சிதறிய உதிரிப்பூ.
குரல்: அவரு ஒரு பக்கம் கெடந்தாரு. ஹெல்மெட்டு ஒரு பக்கம் கெடந்துச்சு. (நிறுத்தம்) அதுல ஒரு கீறல்கூட இல்லைங்க.

44 – 54 விநாடி
படம்: மறுபடி அதே திண்ணை. மகன் வண்டியில், ஹெல்மெட் போட்டபடி. பட்டை ஆடுகிறது. அம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறார். ஈர விரல்கள் பட்டையைப் பிடிக்கின்றன. தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ரெண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து மாட்டுகிறார்.
குரல்: நார்ல கட்டாத பூவு தலையில நிக்குமா? இதுவும் அப்பிடித்தான். (மகனிடம், நேராக) தம்பி, நில்லுப்பா. தலைய நிமித்து.
ஒலி: 'டக்.' கிளிப் விழும் சத்தம். படத்திலேயே தெளிவாகக் கேட்க வேண்டியது இதுதான். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை தெரியட்டும்.

54 – 60 விநாடி
படம்: பின்சீட்டில் ஏறும் தங்கை. அவளுக்கும் ஹெல்மெட். அவளே மாட்டிக்கொள்கிறாள்: 'டக்.' வண்டி கிளம்புகிறது. அதன் மேலேயே எழுத்து:

ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் அணிந்து பட்டையை மாட்டியிருக்க வேண்டும்.
மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 129
விபத்தைக் கண்டால் உடனே 108

குரல்: ம்… இப்பப் போயிட்டு வாங்க.