நாங்கள் செய்யும் வேலை: எங்கள் நோக்க அறிக்கையின் எளிய வடிவம்

வரவேற்பறைச் சுவரிலும் பணி நியமனக் கடிதத்திலும் இதுவரை இருந்த வாசகம் இது:

“பாதுகாப்பில் சமரசமற்ற, வாடிக்கையாளரை மையப்படுத்திய, புத்தாக்கம் மிக்க செங்குத்துப் போக்குவரத்துத் தீர்வுகளை வழங்கி, மனிதவளத்திற்கு அதிகாரமளித்து, நீடித்த வளர்ச்சியின் வழியே பங்களிப்பாளர் அனைவருக்கும் உயர்மதிப்பை உருவாக்கும் முன்னணி நிறுவனமாகத் திகழ்வதே எமது இலக்கு.”

இதில் உள்ள எதையும் நாங்கள் கைவிடவில்லை. லிஃப்டில் ஏறுகிறவருக்கும் அதைப் பழுது பார்க்கிறவருக்கும் ஒரே வாசிப்பில் விளங்கட்டும் என்று திரும்ப எழுதியிருக்கிறோம். இன்று முதல் எங்கள் நோக்க அறிக்கை பின்வருமாறு.

நாங்கள் லிஃப்ட் பொருத்துகிறோம், பொருத்தியதைப் பராமரிக்கிறோம். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் ஒரு வசதி அல்ல, வீட்டுக்குப் போகும் ஒரே வழி. அது நின்றுபோனால் அவர்கள் தரைத்தளத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் வேலையின் அவசரத்தை அவர்களை வைத்தே அளக்கிறோம்.

முதலில் பாதுகாப்பு. லிஃப்ட் பெட்டி ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை. பல எஃகுக் கயிறுகள் அதைத் தாங்குகின்றன. வேகம் வரம்பு மீறினால் அதைக் கண்டறிய ஒரு கருவியும், பக்கத் தண்டவாளத்தைக் கவ்விப் பெட்டியை நிறுத்த ஒரு பிடிப்பானும் இருக்கின்றன. இவ்வளவையும் வடிவமைத்தவர்கள் தந்துவிட்டார்கள். அவை வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் பொறுப்பு. கதவு மூடாமல் தகராறு செய்தால், பூட்டின் சுவிட்சை ஒயர் துண்டால் இணைத்து “இப்போதைக்கு ஓடட்டும்” என்று விட்டுப் போக மாட்டோம். கதவு திறந்திருக்கும்போதே பெட்டி நகர வழி செய்யும் வேலை அது. கட்டட உரிமையாளர் கேட்டாலும் செய்ய மாட்டோம். எங்கள் மேலாளரே சொன்னாலும் செய்ய மாட்டோம்.

வாடிக்கையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வோம். கோளாறுகளில் பல கதவில்தான் தொடங்குகின்றன; சில நேரம் வாசலடிப் பள்ளத்தில் சிக்கிய ஒரு சிறு கல்தான் காரணமாக இருக்கும். கல்லை எடுத்தால் தீர்கிற பிரச்சினைக்குக் கதவு மோட்டாரை மாற்றச் சொல்ல மாட்டோம். மாற்றியே ஆகவேண்டும் என்றால், கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் காட்டி, தேய்ந்த இடம் எது என்றும் விளக்குவோம். பெட்டி தரைமட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிற்பதையும் பழுது என்றே எடுத்துக்கொள்வோம். சக்கர நாற்காலி முட்டி நிற்பதும், ஊன்றுகோல் தடுக்குவதும் அங்கேதான்.

புதிய தொழில்நுட்பம் வேண்டும். புதியது என்பதற்காக மட்டும் அல்ல. காலிப் பெட்டி மேலே ஏறும்போது கயிறுகளின் மறுபக்கம் தொங்கும் எதிரெடைதான் அதிகக் கனமாக இருக்கும். அது இறங்குகிற விசையில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரத்தைக் கட்டடத்துக்குத் திருப்பித் தரும் அமைப்புகள் இருக்கின்றன. உயரமான, நாள் முழுதும் ஆள் நடமாட்டமுள்ள கட்டடங்களில் அதைப் பரிந்துரைப்போம். நாலு மாடிக் குடியிருப்பில் போட்ட பணம் திரும்பிவராது என்று தோன்றினால், அதையும் நாங்களே சொல்லிவிடுவோம்.

எங்கள் மெக்கானிக்குகள் எங்கள் சக மனிதர்கள். “மனிதவளம்” என்று எழுதியபோதும் அவர்களைத்தான் குறித்தோம். ஒரு லிஃப்ட் ஓடத் தகுதியற்றது என்று அவர் முடிவு செய்தால் அதை நிறுத்தலாம். அனுமதிக்காகத் தொலைபேசியில் காத்திருக்க வேண்டாம். நிறுத்தியதற்காக அவரைக் கடிந்துகொள்ள மாட்டோம். தேவையில்லாமல் நிறுத்தியதாகப் பின்னர் தெரிந்தாலும் இதுவே விதி. பயிற்சியும் கருவிகளும் கொடுப்பது எங்கள் கடமை, சலுகை அல்ல.

இலாபம் வேண்டும், அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முதலீடு செய்தவர்களுக்கு நியாயமான வருவாய் தரவேண்டும், சம்பளம் நாள் தவறாமல் போகவேண்டும், உதிரி பாகங்கள் கையிருப்பில் இருக்கவேண்டும். அதை நல்ல பராமரிப்புக்குக் கிடைக்கும் கூலியாக ஈட்டுவோம். பயமுறுத்தி விற்ற பாகங்களால் அல்ல. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது வேறு இடத்தில் விலை கேட்டுப் பார்த்துவிட்டு எங்களிடமே திரும்பி வருகிறவர்கள் கூடவேண்டும். “முன்னணி” என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

இந்த அறிக்கைக்கு மாறாக எங்கள் ஆள் எவராவது நடந்தால், லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். அவசர உதவிக்கு உள்ள அதே எண்தான். புகாருக்கென்று தனி எண் வைக்கவில்லை. பெட்டிக்குள் சிக்கிக்கொண்டவரின் அழைப்பை மட்டும் முதலில் எடுப்போம்.