பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் முதல் நாள்

வணக்கம், உட்காருங்கள். என் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறேன். கூப்பிட 'மிஸ்' போதும். இந்த வருஷம் உங்களுக்கு அறிவியல் நான்தான். வீடு தண்டையார்பேட்டையில். அதனால் நீங்கள் சொல்லும் சாக்கில் எது நிஜம் என்று ஓரளவு தெரியும்.

உதாரணத்துக்கு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். இன்று காலை நானே அங்கே நின்று கூட்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பதோடு விட்டுவிட்டேன். லேட்டாக வந்தால் வாசலில் நின்று கதை சொல்ல வேண்டாம். சத்தமில்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள், விட்டுப்போனதை மதியம் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே வாரத்தில் மூன்று நாள் கேட் போட்டிருந்தால், நாம் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசுவோம். தண்ணீர் லாரி, தம்பியை ஸ்கூலில் விடுவது, விடியற்காலையில் அம்மாவோடு காசிமேடு போவது என்று வேலை இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள். வழி பண்ணலாம்.

வீட்டுப்பாடம் தினமும் இருக்கும், கொஞ்சமாக. தப்பாகப் போட்டாலும் நீங்களே போட்டதாக இருக்க வேண்டும். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினால் அவன் தப்பும் கூடவே வந்துவிடும், அது எப்படியும் தெரிந்துபோகும். வெள்ளிக்கிழமை பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சின்ன டெஸ்ட். திங்கட்கிழமை பேப்பர் உங்கள் கையில் இருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் என்னைக் கேட்கலாம், கேட்க வேண்டும். மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்க மாட்டேன்.

இன்னொன்று, இதில் மட்டும் நான் கொஞ்சம் கறார். ஒருத்தர் சந்தேகம் கேட்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது. நிறத்தை, ஏரியாவை, அப்பா செய்யும் வேலையை வைத்துப் பட்டப்பெயர் கூடாது. விளையாட்டுக்குத்தான் மிஸ் என்பீர்கள். கேட்டவன் அப்புறம் வருஷம் முழுக்க வாயே திறப்பதில்லை, நான் பார்த்திருக்கிறேன். நானும் உங்களில் யாரையும் 'மக்கு' என்று சொல்ல மாட்டேன். வாய் தவறி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

செல்போன் பையிலேயே இருக்கட்டும். மின்விசிறி சத்தம் எனக்கும் கேட்கிறது, ஆபீஸில் சொல்லியிருக்கிறேன்.

சரி, பாடத்துக்கு வருவோம். முதல் பாடம் இயக்க விதிகள். புத்தகத்தை இப்போது திறக்க வேண்டாம். கேரம் ஆடுகிறவர்கள் கை தூக்குங்கள்... இத்தனை பேரா! நல்லது. போர்டில் பவுடர் தூவிவிட்டு அதே வேகத்தில் சுண்டினால் ஸ்ட்ரைக்கர் இன்னும் தூரம் போகிறது. பவுடர் அதற்குப் புதிதாக ஏதாவது வேகம் கொடுக்கிறதா, இல்லை அதைத் தடுத்துக்கொண்டிருந்த ஒன்றைக் குறைக்கிறதா? பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் பேசுங்கள். அப்புறம் ஜன்னல் பக்கத்து பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கலாம்.