இயக்குநர் பதவி விலகல் கடிதம்

நாள்: 26 மே 2025

பெறுநர்:
தலைவர் மற்றும் இயக்குநர் குழு உறுப்பினர்கள்,
நிறுவனத்தின் பதிவு அலுவலகம்

பொருள்: இயக்குநர் பதவியிலிருந்து விலகல் – 30 ஜூன் 2025 முதல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். நிறுவனத்தின் நிதி இயக்குநர் பொறுப்பிலிருந்தும் இயக்குநர் குழு உறுப்பினர் பதவியிலிருந்தும் 30 ஜூன் 2025 அன்று அலுவல் நேரம் முடிந்ததும் விலகிக்கொள்கிறேன். நம் நிறுவன விதிகள் கேட்பது 30 நாள் முன்னறிவிப்பு. இந்தக் கடிதம் இன்று உங்கள் கைக்கு வந்துவிட்டால் 35 நாள் இருக்கிறது. காலாண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வசதியாக ஜூன் கடைசி நாளைத் தேர்ந்தெடுத்தேன். விலகலுக்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று நம் விதிகளில் இல்லை. ஆகவே கடிதம் கிடைத்ததற்குத் தேதியுடன் கையொப்பம் மட்டும் கேட்கிறேன்.

காரணம் என் சொந்தப் பணிகள். கணக்கிலோ நிர்வாகத்திலோ எனக்குத் தெரிந்து, குழுவிடம் சொல்லாமல் விட்ட குறை எதுவும் இல்லை. புதுக் கிடங்குத் திட்டத்துக்கு எதிராக நான் வாக்களித்தது ஏப்ரல் கூட்டக் குறிப்பில் உள்ளது. அதுவும் இதுவும் வேறு வேறு. வாக்கெடுப்பு முடிந்தபின் பெரும்பான்மை முடிவே என் முடிவும். குடும்பத்துக்குள் யாராவது இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினால், இந்தப் பத்தியைக் காட்டுங்கள் அண்ணா.

விலகுவது இயக்குநர் பதவியிலிருந்து மட்டும். என் பெயரில் உள்ள 22 சதவீதப் பங்குகள் அப்படியே என்னிடம் இருக்கும். இந்தக் கடிதத்தைப் பங்கு விற்பனைக்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்ப ஒப்பந்தப்படி மற்றவர்களுக்கு உள்ள முதல் வாங்கும் உரிமையும் இதனால் தொடங்காது. பொதுக்கூட்ட அறிவிப்பும் ஆண்டுக் கணக்கும் பங்குதாரர் என்ற முறையில் எனக்கு வர வேண்டும். குழுக் கூட்டத் தாள்கள் இனி வர வேண்டியதில்லை. அதே ஒப்பந்தத்தில் எங்கள் கிளைக்கு ஒரு இயக்குநரை முன்மொழியும் உரிமை இருக்கிறது. அதை இப்போது பயன்படுத்தவில்லை, கைவிடவும் இல்லை.

என் இடத்தை நிரப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் விதிப்படி கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நான் போனபின் இருப்பதே மூன்று பேர்தான். சின்ன அண்ணா ஒருமுறை வெளியூர் போய்விட்டால் கூட்டம் செல்லாது. அன்று எடுத்த தீர்மானத்தை வங்கியும் ஏற்காது.

வங்கி விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கால வரையறைக் கடனுக்கும் நடைமுறை மூலதனக் கடனுக்கும் நான் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். உத்தரவாதம் வங்கிக்குக் கொடுத்தது. நிறுவனத்துக்கு எழுதும் விலகல் கடிதம் அதைத் தொடாது. அதிலும் நடைமுறை மூலதனக் கணக்கில் இன்று கட்டி நாளை எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் அந்த உத்தரவாதம் நீள்கிறது. நான் கையெழுத்துப் போடாத, எனக்குத் தெரியவே வராத கடனுக்கும் நான் பொறுப்பாளி ஆகிவிடுவேன். அதனால்:

என்னை விடுவித்து மாற்று உத்தரவாதம் ஏற்கும்படி ஜூன் 13-க்குள் நிறுவனம் வங்கிக்கு எழுத வேண்டும். வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று மேலாளர் சொன்னால் போதாது, எழுத்துப்பூர்வமான விடுவிப்புக் கடிதம் வர வேண்டும். அது வரும்வரை இரு கடன்களின் வரம்பையும் என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உயர்த்தக் கூடாது. அதற்கிடையில் உத்தரவாதத்தின் பேரில் நான் ஏதாவது கட்ட நேர்ந்தால் நிறுவனம் எனக்கு ஈடுசெய்யும் என்று ஜூன் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிதாக எடுக்கும் தொகைகளுக்கு என் உத்தரவாதம் இனி இல்லை என்று நானும் வங்கிக்குத் தனியாக அறிவிப்பு அனுப்புவேன். நகல் உங்களுக்கு வரும்.

காசோலையில் இப்போது அண்ணாவும் நானும் சேர்ந்து கையெழுத்திடுகிறோம். புதுக் கையொப்பதாரருக்கான தீர்மானமும் மாதிரிக் கையொப்பமும் ஜூன் நடுவிலேயே வங்கிக்குப் போய்விட வேண்டும். இல்லையென்றால் முதலில் மாட்டுவது சம்பளம்தான். நான் கையெழுத்திட்டு, ஜூலை தேதியில் மூலப்பொருள் தருபவர்களிடம் இருக்கும் நான்கு காசோலைகளைத் திரும்பப் பெற்றுப் புதியவை கொடுக்க வேண்டும். கையொப்பம் மாறியபின் அவை வங்கிக்குப் போனால் திரும்பி வரலாம். பெயர் கெடுவது நிறுவனத்துக்கு, நோட்டீஸ் வருவது எனக்கு.

வரித் தளத்திலும் வங்கியின் இணையச் சேவையிலும் பதிவாகியிருப்பது என் கைபேசி எண். அதை மாற்றுவதற்கு வரிசை உண்டு: முதலில் புதியவரைச் சேர்க்க வேண்டும், அவர் உள்ளே போய் ஒரு படிவத்தையாவது சமர்ப்பித்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகே என்னை நீக்க வேண்டும். முதலிலேயே என்னை நீக்கிவிட்டால் ஓடிபி யாருக்கும் வராது, கணக்குப் பிரிவு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இணையதள முகவரியும் என் பெயரிலும் என் கார்டிலும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற ஜூன் 20 அன்று கணக்குப் பிரிவு மேலாளருடன் உட்காருகிறேன். என் டிஜிட்டல் கையொப்பச் சாதனம் என்னிடமே இருக்கும். அதை யாரும் கேட்க வேண்டாம், ஜூன் 30-க்குப் பிறகு எந்தப் படிவத்திலும் அது இருக்கக் கூடாது.

நிறுவனத்துக்கு நான் கொடுத்த கடன் பாக்கிக்கு ஜூன் 30 தேதியிட்ட உறுதிக் கடிதம் வேண்டும். இயக்குநர் கடன் என்ற தலைப்பில் இனி அது நிற்க முடியுமா, வட்டியும் திருப்பும் விதமும் எப்படி என்பதைத் தணிக்கையாளர் சொல்லட்டும்.

இயக்குநர்களுக்கான பொறுப்புக் காப்பீடு செப்டம்பரில் புதுப்பிக்கப்படுகிறது. அது, கோரிக்கை எழும் சமயத்தில் நடப்பில் இருக்கும் பாலிசியைப் பார்க்கும் வகை. முன்னாள் இயக்குநர்கள் என்ற சொல் புதுப் பாலிசியில் விடுபட்டால், பழைய ஆண்டுகளின் முடிவுகளுக்கு எனக்குப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடும். என் காலத்து முடிவுகளுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்தான். காப்பீடு மட்டும் அறுந்துவிடக் கூடாது.

விலகலைப் பதிவாளரிடம் சட்டக் கெடுவுக்குள் தாக்கல் செய்து, ஒப்புகையின் நகலை எனக்குக் கொடுங்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை வெளியார் என்னை இயக்குநராகவே நினைப்பார்கள். லெட்டர்ஹெட், இணையதளம் ஆகியவற்றிலும் பெயரை எடுத்துவிடுங்கள்.

கோப்புகள், பெட்டகச் சாவி, மடிக்கணினி எல்லாவற்றையும் ஜூன் 27 அன்று ஒப்படைக்கிறேன், பட்டியல் இணைப்பில் உள்ளது. அதன்பின் செப்டம்பர் கடைசிவரை, தணிக்கை தொடர்பான கேள்விகளுக்குச் சம்பளம் இல்லாமல் பதில் சொல்வேன். கேள்விகள் மின்னஞ்சலில் வரட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் வேண்டாம், அண்ணி கோபித்துக்கொள்வார்.

பெரிய அண்ணாவும் சின்ன அண்ணாவும் இத்தனை காலம் என் கையெழுத்தை நம்பியதற்கு நன்றி.

இப்படிக்கு,
கல்பனா
நிதி இயக்குநர்

இணைப்பு: 1. ஒப்படைப்புப் பட்டியல். 2. நிலுவைக் காசோலை விவரம். 3. தனிப்பட்ட உத்தரவாதப் பத்திரங்களின் நகல்.

நகல்: நிறுவனச் செயலாளர், தணிக்கையாளர்