பதில்: முன்மேசை உதவியாளர் பதவி – நன்றியும் ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய முகாமையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

நிலாவெளி விடுதியின் முன்மேசை உதவியாளர் பதவிக்கு வேறொருவரைத் தெரிவுசெய்திருப்பதாக நேற்று மாலை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. வாசித்ததும் மனம் சோர்ந்துபோனது உண்மை. இல்லையென்று எழுதினால் நீங்களும் நம்பமாட்டீர்கள். இருந்தும் இன்று காலை முதல் வேலையாக உங்களுக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். கடந்த வருடத்தில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். அதில் இரண்டு இடத்திலிருந்து இன்றுவரை ஒரு வரி வரவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவர்களாக இருக்குமோ என்று ஓடிப்போய் எடுத்த நாட்கள் உண்டு. நீங்கள் சொன்ன தேதிக்குள் முடிவைச் சொல்லிவிட்டீர்கள். ஏன் என்றும் எழுதியிருந்தீர்கள்: தெரிவானவருக்குப் பெரிய விடுதியில் இரண்டு வருட அனுபவம் இருக்கிறது, உங்கள் கணினி முறையில் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறார், சிங்களம் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர். மூன்றும் நியாயமான காரணங்கள். அவர் நல்லபடியாக வந்து சேரட்டும்.

பெப்ரவரி 11ஆம் திகதி நேர்முகத்துக்கு வந்தபோது வெளியே நல்ல மழை. நனைந்துபோய் நின்ற எனக்கு முன்மேசைக்குப் பொறுப்பான மிஸ் முதலில் ஒரு துவாயும் பிறகு ஒரு பிளேன் ரீயும் தந்தார். கேள்வி கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு விருந்தினரை எப்படி வரவேற்பது என்று அதில் நான் கற்றுக்கொண்டது எந்த வகுப்பிலும் படித்ததில்லை. அவருக்கும் என் நன்றியைத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

அன்று நீங்கள் கேட்ட ஒரு கேள்வி இன்னும் மனதில் நிற்கிறது. கொழும்பிலிருந்து இரவு மெயிலில் ஒரு குடும்பம் விடியப்புறம் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து ஆறு மணிக்கெல்லாம் உங்கள் வாசலில் நிற்கிறது. அறை கொடுக்கும் நேரமோ பின்னேரம் இரண்டு மணி. முதல்நாள் ஆட்கள் இன்னும் அறைக்குள் தூங்குகிறார்கள். என்ன செய்வாய் என்று கேட்டீர்கள். "இரண்டு மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்று பணிவாகச் சொல்வேன்" என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டீர்கள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே எனக்கு உறைத்துவிட்டது. இரவு முழுக்க ரயிலில் குந்தியிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பணிவினால் என்ன பிரயோசனம்?

இப்போது கேட்டால் என் பதில் இது. பெட்டிகளை வாங்கி அடையாளத்துண்டு கட்டி உள்ளே வைப்பேன். நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்திலுள்ள குளியலறையைத் திறந்துவிட்டு, துவாய் கொடுத்து, முகம் கழுவி உடுப்பு மாற்றச் சொல்வேன். காலைச் சாப்பாடு முடிய, விருப்பமென்றால் அப்படியே புறாமலைக்குப் படகில் அனுப்பிவைப்பேன். அந்தத் தீவுக்குப் போக அதுதான் சரியான நேரமும்கூட. சீசன் காலத்தில் விடிய கடல் தட்டையாகக் கிடக்கும், பகல் ஏற ஏறக் காற்று எழும்பி நீர் கலங்கிவிடும் என்று எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் சொல்வார்கள். பிந்திப் போகிறவர்கள் முருகையையும் சுறாக்குட்டியையும் பார்த்ததைவிட அலையைப் பார்த்ததுதான் அதிகமாக இருக்கும். அது 2003இலிருந்து தேசிய பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும், படகுக் கூலி வேறு, முருகைக் கற்களில் கால் வைக்கக்கூடாது என்பதையெல்லாம் போகுமுன்னே சொல்லிவிட்டால் கரையில் நின்று தர்க்கப்படத் தேவையில்லை. இதற்கிடையில் அறை சுத்தம் செய்பவர்களிடம் எந்த அறை முதலில் காலியாகிறது என்று கேட்டு, அதை இவர்களுக்கு ஒதுக்கச் சொல்வேன். பன்னிரண்டு மணிபோல் உப்பு நீரோடு திரும்பி வருகிறவர்களுக்கு அறை தயாராக இருக்கும். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்திருந்தால் படகுக் கதையே வேண்டாம். ஏதாவது ஓர் அறையை எப்படியாவது முந்தித் தர முடியுமா என்று மிஸ்ஸிடம்தான் போய் நிற்பேன்.

தெரிவை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை ஐயா. கேள்விக்குக் கடன்பட்டிருந்ததுபோல் இருந்தது, எழுதிவிட்டேன்.

இனி வேண்டுகோள். சித்திரை வருடப்பிறப்பு முடியச் சீசன் தொடங்கி, ஐப்பசி மழை வரும்வரை உங்களுக்கு வேலை நெருக்கமாக இருக்கும் என்று நேர்முகத்தில் சொன்னீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வெளிநாட்டவர்களும், போயா விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்தால் உள்நாட்டவர்களும் ஒன்றாகக் குவிவார்கள் என்றும் சொன்னீர்கள். அந்தக் காலத்துக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தாலோ, முன்மேசையிலோ முன்பதிவுப் பகுதியிலோ யாராவது நீண்ட விடுமுறையில் போனாலோ, பயிலுநர் இடம் வந்தாலோ, என் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரவு வேலைக்கும் நான் தயார். வீடு சாம்பல்தீவில் என்பதால் விடுதிக்கு ஸ்கூட்டியில் கொஞ்ச நேரம்தான். இரவு முறை வந்தால் தம்பி கொண்டுவந்து விடுவதாக அம்மாவின் முன்னிலையிலேயே ஒத்துக்கொண்டிருக்கிறான். சம்பளமில்லாமல் வந்து பழகுகிறேன் என்று மட்டும் எழுதமாட்டேன். அப்படி எழுதுவது எனக்கும் அழகில்லை, உங்கள் விடுதிக்கும் அழகில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் காட்டிய குறைகளுக்கு நான் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிங்களம் எனக்குப் பேச வரும். சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய பேச்சு. எழுத்துத்தான் தெரியாது. அது எவ்வளவு பெரிய குறை என்பதை உப்புவெளியில் பெரியம்மாவின் மகனான அண்ணா நடத்தும் ஆறு அறை விடுதியிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய அடையாள அட்டையோடு வருகிறவர்களின் பெயர் சிங்களத்தில் மட்டும் இருக்கும். நான் இலக்கத்தை எழுதிவிட்டு, பெயரைச் சொல்லச் சொல்லிக் காதால் கேட்டு எழுதுவேன். ஒருமுறை இரண்டு பேரின் பெயரை மாற்றி எழுதி, பில்லும் மாறிப்போனது. இந்த மாதத் தொடக்கத்திலிருந்து சனி, ஞாயிறு காலையில் சிங்கள எழுத்து வகுப்புக்குப் போகிறேன். உயிரெழுத்து முடிந்து இப்போது கொம்பும் காலும் போடுவதில் நிற்கிறேன். ஜூன் முடிவதற்குள் ஒரு பெயரையும் விலாசத்தையும் பிழையில்லாமல் வாசிப்பேன் என்று நம்புகிறேன்.

கணினி முறையைப் பற்றி: நேர்முகத்தில் ஒரு பதிவைப் போடச் சொன்னபோது எனக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. சுவர்க் கடிகாரத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதுவரை எங்கள் முன்பதிவெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில்தான். இரண்டு இணையத்தளங்களில் அதே அறையைப் போட்டுவைத்து, ஒன்றில் விற்றதை மற்றதில் மூட மறந்து, ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நின்ற நாளும் உண்டு. அன்று அண்ணா தன் சொந்த அறையைக் கொடுத்துவிட்டு விறாந்தையில் படுத்தார். பழி என்மேல்தான், கொப்பியின்மேல் இல்லை. உங்கள் மின்னஞ்சல் வந்தபிறகு என்று சொல்லமாட்டேன், நேர்முகம் முடிந்த அடுத்த நாளே அந்தக் கொப்பியைக் கணினியில் ஓர் அட்டவணையாக மாற்றத் தொடங்கினேன்: வரிசைக்கு ஓர் அறை, நிரலுக்கு ஒரு நாள், முற்பணம் வந்தால் பச்சை, வராவிட்டால் மஞ்சள். பெரிய விடுதியின் முறைக்கு முன்னால் இது சின்ன விளையாட்டுத்தான். ஆனாலும் ஒரு பதிவு ஏன் அத்தனை பெட்டிகளைக் கேட்கிறது என்பது இப்போது விளங்குகிறது.

அனுபவம் ஒன்றைத்தான் வீட்டிலிருந்து தேட முடியாது. அதற்கு யாராவது ஒருமுறை கதவைத் திறந்துவிட வேண்டும்.

என் விண்ணப்பத்தையும் சான்றிதழ் பிரதிகளையும் உங்களிடமே வைத்திருக்க எனக்குப் பூரண சம்மதம். ஜூன் கடைசியில் வகுப்பு விபரத்தைச் சேர்த்துப் புதிய சுயவிபரக்கோவை ஒன்றை அனுப்புவேன். இடையில் அடிக்கடி அழைத்துத் தொல்லை தரமாட்டேன். அழைப்பு வந்தால் அண்ணாவுக்கு இரண்டு கிழமை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும். சீசன் நடுவில் திடீரென்று விட்டுவிட்டு வருவது சரியில்லை. தொலைபேசி இலக்கம் விண்ணப்பத்தில் உள்ளதுதான், மாறவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எடுத்தால் நிச்சயம் பேசலாம்.

நேரமெடுத்து நேர்முகம் வைத்ததற்கும், காரணத்தோடு பதில் எழுதியதற்கும் மறுபடியும் நன்றி ஐயா. இந்த முறை சீசன் உங்களுக்கு நிறைந்த அறைகளோடு போகட்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
செ. நிரோஜினி
சாம்பல்தீவு, திருகோணமலை

பி.கு.: கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் மூலப்பிரதி உங்கள் கோப்பிலேயே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அதைத் தேடி அனுப்பச் சிரமப்பட வேண்டாம். தேவைப்படும்போது புதிதாக ஒன்று எடுத்துத் தருவேன். மிஸ்ஸின் துவாய் என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை குச்சவெளிப் பக்கம் போகும்போது வாசலில் காவலாளி அண்ணாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.