கொதிகலன் அழுத்தக் கோளாறும் நிறுத்தமும்: இரவு முறை அறிக்கை

இடம்: காவேரிப்பட்டினம் அருகிலுள்ள அரிசி ஆலை, கிருஷ்ணகிரி மாவட்டம்
சம்பவம்: 15.11.2024, வெள்ளி, அதிகாலை 3.40 முதல் 4.30 வரை
பெறுநர்: ஆலை உரிமையாளர் அவர்கள். நகல்: கொதிகலன் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அனுப்புவதற்காக.
தற்போதைய நிலை: கொதிகலன் முழுமையாக நிறுத்தப்பட்டுள்ளது. அடுப்பு அணைந்துவிட்டது. அழுத்தம் இல்லை. யாருக்கும் காயமில்லை.

ஐயா,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த அறிக்கையைப் படித்து முடிக்கும்வரை, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அடுப்பில் உமி போடச் சொல்லாதீர்கள். மேலே இருக்கும் இரண்டு பாதுகாப்பு வால்வுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றொன்று இல்லாமல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

நம்முடையது மணிக்கு 2 டன் நீராவி தரும் உமிக் கொதிகலன். சான்றிதழில் அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.5 கிலோ. நெல் அவிக்க நாம் 7 கிலோவில்தான் ஓட்டுகிறோம். முதல் பாதுகாப்பு வால்வு 10.0 கிலோவிலும் இரண்டாவது 10.5 கிலோவிலும் திறக்கும்படி வைக்கப்பட்டு, ஈய முத்திரை இடப்பட்டவை. இவை தவிர, 8.5 கிலோ வந்தால் காற்று விசிறியை நிறுத்தும் அழுத்த சுவிட்ச் ஒன்றும் உண்டு.

அதிகாலை 3.40க்கு மூன்றாம் தொட்டி அவிந்து முடிந்தது. நீராவி வால்வை மூடி, நெல்லைக் களத்துக்கு இறக்கச் சொன்னேன். அப்போது கொதிகலன் அளவுமானியில் 6.8. தொட்டி மாற்றும் இந்த இடைவெளியில் நீராவிக்குச் செலவு கிடையாது, அடுப்போ எரிந்துகொண்டே இருக்கும். அதனால் முள் எப்போதும் 8 வரை ஏறும். அன்று 3.55க்கும் 6.8லேயே நின்றது. அதே நேரத்தில் தண்ணீர் ஏற்றும் பம்பின் சத்தம் மாறியது. மேட்டில் ஏறும் மாட்டு வண்டிபோல் முனகியது. கேஜ் கண்ணாடியில் ஒரு விரல் அளவு நீர் ஏற வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. உள்ளே எதிர்ப்பு கூடியிருக்கிறது, முள் அதைச் சொல்லவில்லை என்று சந்தேகம் வந்து, தொட்டிகளுக்கு அருகிலுள்ள நீராவிப் பகிர்வுக் குழாயின் அளவுமானியைப் பார்க்க ஓடினேன். கொதிகலனின் பிரதான வால்வு திறந்திருந்ததால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும். குறித்துவைத்த அளவுகள் இவை. முதல் எண் கொதிகலன் அளவுமானி, இரண்டாவது பகிர்வுக் குழாய் அளவுமானி.

3.57: 6.8 / 9.4
4.02: 6.8 / 10.1
4.06: 6.8 / 10.6
4.11: 6.8 / 10.0
4.30: 6.8 / 8.2
5.00: 6.8 / 5.9
6.10: 6.7 / 3.0
11.20: 6.4 / 0

9.4 என்று கண்டதும் உமித் தொட்டியின் வாயை அடைத்து, காற்று விசிறியையும் கையால் நிறுத்தினேன். சுவிட்ச் அதை நிறுத்தியிருக்கவில்லை. ஆனாலும் உமிப் படுகை கனன்றுகொண்டே இருக்கும் என்பதால் அழுத்தம் ஏறியது. 10.1 ஆனபோதும் முதல் வால்வு திறக்கவில்லை. நெம்புகோல் சங்கிலியைக் கீழிருந்து இழுத்தேன், அசையவில்லை. 4.06க்கு இரண்டாவது வால்வு திறந்தது. கூரைத் தகடு அதிர, நெல் இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். ஓடியது நல்லது. அவர்களைக் களத்தின் மறுகோடிக்குப் போகச் சொன்னேன்.

அதற்கிடையில் காலியான மூன்றாம் தொட்டிக்கு நீராவி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன். பம்பை நிறுத்தவில்லை. இரண்டு கேஜ் கண்ணாடிகளிலும் நீர் பாதிக்கு மேல் ஒரே மட்டத்தில் இருந்தது. இரண்டின் வடிகுழாயையும் திறந்து மூடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நீர் குறைந்திருந்தால் பம்பை ஓடவிட்டிருக்கமாட்டேன். சிவந்த தகட்டில் தண்ணீர் படுவது தனி ஆபத்து. 4.11க்கு 10.0 கிலோவில் வால்வு தானாகவே சீராக மூடியது, ஒழுகவில்லை. 4.30க்குப் பிறகு எரியும் உமியை உதவியாளரும் நானும் வெளியே இழுத்து, அடுப்பிலிருந்து தள்ளிக்கொண்டுபோய் நனைத்தோம். அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றவில்லை. காலை 11.20க்கு அழுத்தம் முழுதும் இறங்கியபின் காற்றுக் குழாயைத் திறந்துவைத்து, பிரதான வால்வை மூடிப் பூட்டினேன். சாவி என்னிடம் இருக்கிறது.

கடைசி வரியை மறுபடி பாருங்கள். கொதிகலன் ஆறிக் கிடக்கிறது, கை வைத்தால் வெதுவெதுப்பு, ஆனால் முள் 6.4இல் நிற்கிறது. அளவுமானிக்குக் கீழுள்ள வளைந்த சைபன் குழாயின் இணைப்பைத் தளர்த்தியதும் ‘புஸ்’ என்று ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்து, முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. குழாயைக் கழற்றித் தட்டினால் சுண்டுவிரல் நீளத்துக்குப் பழுப்பு நிறக் கட்டி விழுந்தது. துருவும் உப்புப் படிவும் சேர்ந்து கல்லாகிவிட்டது. அளவுமானி கெடவில்லை. சோதனை அளவுமானியோடு ஒப்பிட்டபோது சரியாகவே காட்டுகிறது. பழைய அழுத்தத்தை உள்ளே அடைத்துவைத்து அதையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அழுத்த சுவிட்சும் இதே சைபன் குழாயிலிருந்து கிளை எடுத்திருப்பதால், ஓர் அடைப்பு இரண்டையும் குருடாக்கிவிட்டது. என் கணிப்பில் இதுதான் மூல காரணம்.

பதிவேட்டைப் புரட்டினால் அறிகுறி முன்பே தெரிகிறது. தொட்டி மாற்றும் நேரத்து உச்ச அளவு 11ஆம் தேதி 8.0, 12ஆம் தேதி 7.6, 13ஆம் தேதி 7.1. அழுத்தம் சீராக இருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அளவுமானியின் மூவழிக் குழாய்த் திறப்பைத் திருப்பி, முள் பூஜ்யத்துக்குப் போய்த் திரும்புகிறதா என்று ஒவ்வொரு முறையிலும் பார்த்திருக்க வேண்டும். திறப்பு இறுகிப்போனதால் சில வாரங்களாகச் செய்யவில்லை. இறுகியதைத் தங்களிடம் எழுத்தில் தெரிவிக்கவும் இல்லை. இது என் தவறு.

ஆழ்துளைக் கிணற்று நீரையும் சொல்லியாக வேண்டும். மென்னீர்க் கருவிக்கு உப்புக் கரைசல் செலுத்தியது கடைசியாக 2ஆம் தேதி. இன்று எடுத்த மாதிரியில் கடினத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராம். 5க்குள் இருக்க வேண்டியது. முதல் வால்வு இருக்கையில் ஒட்டிக்கொண்டதற்கும் படிவே காரணமாகலாம். முத்திரை உடையாமல் இருக்கிறது, நான் அதைத் தொடவில்லை. தாங்களும் யாரையும் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டாம். ஆய்வாளர் கண்முன் திறப்பதே முறை.

அழுத்தம் அனுமதித்த அளவைத் தாண்டியதால், தகட்டுக்குப் பாதிப்பு உண்டா என்று நாமே முடிவுசெய்ய முடியாது. 1923ஆம் ஆண்டு கொதிகலன் சட்டத்தின் 18ஆம் பிரிவு, விபத்தை 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இது அந்த வரையறைக்குள் வருமா என்று விவாதித்துக்கொண்டிராமல் இன்று மாலைக்குள் கடிதம் போய்விட வேண்டும். வரைவு தயாராக மேசையில் இருக்கிறது. தங்கள் கையெழுத்துத்தான் பாக்கி.

மறுபடி பற்றவைக்கும் முன், முதல் வால்வு சோதித்து முத்திரையிடப்பட வேண்டும். அழுத்த சுவிட்சுக்கு ஆய்வாளரின் ஒப்புதலோடு தனிச் சைபன் வேண்டும். மூவழித் திறப்பைப் புதிதாக மாற்ற வேண்டும். உள்ளே ஆள் இறங்கிப் புகைக்குழாய்களின் படிவைப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் என்னால் இயக்க முடியாது.

ஊறல் தொட்டிகளில் 8 டன் நெல் இருக்கிறது. இன்றிரவுக்குள் புளிப்பு வாடை வந்துவிடும். தண்ணீரை வடித்துக் களத்தில் மெல்லிசாகப் பரப்பச் சொல்லியிருக்கிறேன். வானம் மூடியிருப்பதால் தார்ப்பாய் நான்கு வேண்டும், உடனே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இரவு முறை கொதிகலன் இயக்குநர்
15.11.2024, பிற்பகல் 1.30