கனவுக் கொப்பி: கல்லடி எழுத்துக் கூடலுக்கான பயிற்சித் தாள்

அடுத்த கூடலுக்கு 14 இரவுகள் இருக்கின்றன. அதுவரை கண்ட கனவை எழும்பின உடனே எழுதிவைப்பதுதான் பயிற்சி. 80 பக்க ஒற்றைறூள் கொப்பி ஒன்றையும் பென்சிலையும் தலைமாட்டில் வையுங்கள். மல்லாந்து கிடந்து எழுதினால் குமிழ்முனைப் பேனையில் மை இறங்காது. போனில் எழுத வேண்டாம். நேரம் பார்க்க எடுத்தாலே ஒரு செய்தி கண்ணில் படும், கனவு போய்விடும்.

கனவு கூடுதலாக வருவது, கண்விழி வேகமாக அசையும் நித்திரைக் கட்டத்தில். அது ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து, விடியப்புறம் நீளும். பாங்குச் சத்தத்துக்கோ கோயில் மணிக்கோ கண் விழித்தால் புரளாமல் அதே கிடையில் கிடவுங்கள். கடைசிப் படத்தைப் பிடித்து, அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஐந்து நிமிடம், பத்து வரி போதும். ஒன்றும் நினைவில் இல்லாவிட்டால் "ஒன்றுமில்லை" என்று எழுதி, எழும்பும்போது இருந்த உணர்வை ஒரு சொல்லில் போடுங்கள். அந்த வரியை விட்டால் இரண்டாம் கிழமை கொப்பியே மூடிவிடும்.

இடப்பக்கம் கனவு, வலப்பக்கம் முந்தின நாள் நடந்தது. வலப்பக்கத்தை மத்தியானம் எழுதுங்கள்; "ஆகையால்" என்ற சொல் அங்கே வேண்டாம்.

பெரும்பாலான கொப்பிகள் கெடுவது "பிறகு" என்ற சொல்லால். கனவில் இரண்டு இடத்துக்கு நடுவே பாதை இருக்காது. எழுதும் கை தானாக ஒரு பாதை போடும். இடைவெளி வந்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். தேத்தண்ணி குடிக்கையில் வீட்டாருக்குச் சொல்வதும் இதே ஆபத்துத்தான். அவர்கள் "பிறகு?" என்று கேட்பார்கள், நீங்கள் ஒன்றைக் கட்டிச் சொல்வீர்கள், நாளைக்கு அதுவே கனவாகிவிடும். முதலில் எழுதுங்கள், பிறகு சொல்லுங்கள்.

மாதிரிக்காக நாங்கள் எழுதிய பக்கங்கள்:

செவ்வாய், விடிய 4.50. கல்லடிப் பழைய பாலம். சைக்கிள் தள்ளிக்கொண்டு போறன். கரியரில் தயிர்ச் சட்டி. ——— அம்மம்மா வீட்டுக் கிணத்தடி. தண்ணி உப்பு. ஆரோ "சட்டியைத் திருப்பிக் குடு" எண்டு சொல்லுது. முகம் இல்லை. பயமில்லை, அவசரம்.
வலப்பக்கம்: திங்கள் பின்னேரம் தயிர் வாங்கினது. மூடி இல்லை, கடதாசி கட்டித் தந்தது. சட்டி கழுவாமல் கிடக்கு, விளிம்பில தயிர் காய்ஞ்சிருக்கு.

வியாழன். ஒன்றுமில்லை. தாகம்.

சனி, 5.15. பாலம் இல்லை. வாவி மட்டும். கையில் சட்டி மூடி.
வலப்பக்கம்: கரண்ட் இல்லை. வெக்கை.

15ஆம் நாள் கொப்பியை ஒரே இருப்பில் வாசித்து, ஒரே பொருள் வரும் இரண்டு மூன்று துண்டுகளை எடுத்து, கோத்து ஒரு சிறு ஆக்கமாக எழுதுங்கள். பொருள் என்றது சட்டி, பாலம் போன்ற கைக்குப் படும் சாமானை, அர்த்தத்தை அல்ல. கொப்பியில் இல்லாத சம்பவம் எதையும் சேர்க்கக்கூடாது. "ஒருவேளை" ஒருதரம் வரலாம், கேள்வியும் ஒன்றுதான். பல் விழுந்தால் சாவு, பாம்பு கண்டால் இன்னது என்ற பலன்களையும், அவற்றின் நவீன உடுப்பான "ஆழ்மனம் சொல்கிறது" என்பதையும் வெளியே விடுங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைச் சொன்னதும் தோழி தேவந்தி முற்பிறப்பைக் காரணம் காட்டி, குளத்தில் நீராடப் பரிகாரமும் சொல்லிவிடுகிறாள். கண்ணகியின் பதில் இரண்டே சொல்: "பீடு அன்று." அது பெருமையில்லை என்கிறாள்.

மற்றவர் கொப்பியில் தண்ணீர் வந்தவுடன் 2004 என்று நீங்கள் வாசிக்காதீர்கள். அதைச் சொல்வதா விடுவதா என்பது எழுதியவரின் உரிமை. பழைய பயங்கரம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து நித்திரையைக் கெடுத்தால் கொப்பியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அது இந்தப் பயிற்சிக்குரிய வேலை இல்லை.

மேலே உள்ள மாதிரியின் முதல் வரைவு, "வாழ்க்கையில் நாம் திருப்பிக் கொடுக்காத கடன்கள் எத்தனை" என்று முடிந்தது. கனவில் கேட்டது சட்டி. கடன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வரியை வெட்டிய பிறகு நின்றது இது:

பழைய பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறேன். கரியரில் தயிர்ச் சட்டி. அடுத்து நிற்பது அம்மம்மா வீட்டுக் கிணற்றடி; எப்படி வந்தேன் என்று தெரியாது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. முகமில்லாத ஒரு குரல் சட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. பயமில்லை, அவசரம் மட்டும்.

வியாழன் விடிய ஒன்றும் வரவில்லை. தாகத்தோடு எழும்பினேன்.

சனி விடிய பாலம் இல்லை, வாவி இருந்தது. கையில் மூடி. சட்டியை ஒருவேளை கொடுத்துவிட்டேனா?

குசினியில் திங்கட்கிழமைச் சட்டி கழுவாமல் கிடக்கிறது. விளிம்பில் தயிர் காய்ந்திருக்கிறது. அதற்கு மூடி இல்லை. கடையில் கடதாசியால்தான் கட்டித் தந்தார்கள்.