500 கிராம் முந்திரிப் பாக்கெட் வரிசைக்கான தொடர் மாதிரிச் சோதனைத் திட்டம்

இந்தத் திட்டம் மார்த்தாண்டம் அருகே உள்ள நமது ஆலையின் இரண்டாம் பாக்கிங் வரிசையில், டபிள்யூ 320 ரக முழுப் பருப்பை வாக்குவம் பாக்கெட்டில் அடைக்கும் வேலைக்கு மட்டும் 2025 ஜூன் 2 முதல் நடைமுறைக்கு வருகிறது. உடைப்பு, தோல் உரிப்பு, தரம் பிரிப்பு ஆகிய பகுதிகளுக்கு இது பொருந்தாது. அங்கே வேலை தொகுதி தொகுதியாக நடப்பதால் தொகுதிக்குரிய மாதிரிச் சோதனையே தொடரும். பாக்கிங் வரிசையில் மட்டும் பாக்கெட்டுகள் நிமிடத்துக்கு 6 வீதம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தொகுதியாகக் குவித்து முடிவுக்காகக் காத்திருக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை.

இதன் அடிப்படை, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெரால்ட் டாட்ஜ் 1943இல் வெளியிட்ட முறையாகும். அதன் விதி எளிது. தொடர்ந்து 100 பாக்கெட்டுகள் குறையின்றித் தேறும்வரை ஒவ்வொரு பாக்கெட்டையும் சோதிக்க வேண்டும். இது முழுச் சோதனை. நூறு தேறியவுடன் பத்துக்கு ஒன்று மட்டும் சோதிக்கப்படும். இது பகுதிச் சோதனை. பகுதிச் சோதனையில் ஒரே ஒரு குறைப் பாக்கெட் அகப்பட்டாலும் அந்த நொடியே முழுச் சோதனைக்குத் திரும்ப வேண்டும். முழுச் சோதனையின்போது குறை அகப்பட்டால், எண்ணிக்கை 99இல் இருந்தாலும் பூஜ்ஜியத்திலிருந்து மீண்டும் தொடங்கும். சூப்பர்வைசர் உட்பட எவருக்கும் இதில் விலக்கு அளிக்கும் அதிகாரம் இல்லை.

எடுத்துக்காட்டாக, காலை 8.30 மணிக்கு வரிசை தொடங்கி 37ஆம் பாக்கெட்டில் சீல் சுருக்கம் காணப்பட்டால், 38ஆம் பாக்கெட்டை ஒன்று என எண்ண வேண்டும். அதன்பின் குறை எதுவும் வராவிட்டால் 137ஆம் பாக்கெட்டோடு முழுச் சோதனை முடியும். 138ஆம் பாக்கெட்டிலிருந்து பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திலும் ஒன்றை எடுக்க வேண்டும்.

எந்த ஒன்றை எடுப்பது என்பதில்தான் கவனம் தேவை. ஒவ்வொரு பத்தாவது பாக்கெட்டையும் எடுப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் நமது சீலிங் மெஷினின் சூட்டுப் பட்டையில் ஒரு முறைக்கு 4 பாக்கெட்டுகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. 10, 20, 30, 40 என்று எடுத்துக்கொண்டே போனால் பட்டையின் இரண்டாம், நான்காம் இடங்களில் அடைத்த பாக்கெட்டுகளே மாறி மாறி வரும். முதல் இடத்திலோ மூன்றாம் இடத்திலோ டெஃப்லான் டேப் கருகி சீல் பிடிக்காமல் இருந்தால், அன்று முழுவதும் சோதித்தாலும் அது நம் கண்ணில் படாது. ஆகவே 1 முதல் 10 வரை எண் எழுதிய கேரம் காய்கள் ஓர் எவர்சில்வர் டம்ளரில் இருக்கும். ஒவ்வொரு பத்து தொடங்கும்போதும் பார்க்காமல் ஒரு காயை எடுத்து, அந்த எண்ணுக்குரிய பாக்கெட்டைச் சோதித்துவிட்டு, காயைத் திரும்ப டம்ளரில் போட வேண்டும். கைக்கு எட்டிய பாக்கெட்டையோ, சந்தேகமாகத் தெரியும் பாக்கெட்டையோ மாதிரியாக எடுத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சந்தேகமான பாக்கெட் கண்ணில் பட்டால் அதைத் தனியே எடுத்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அது அந்தப் பத்தின் மாதிரி ஆகாது.

சோதனை மேசை, அடைத்த பாக்கெட்டுகளை அரை மணி நேரம் வைக்கும் ரேக்குக்கு அப்பால் இருக்கும். மெல்லிய கசிவுள்ள பாக்கெட் மெஷினிலிருந்து எடுத்தவுடன் கல் போலவே இருக்கும். நேரம் கழிந்த பிறகுதான் தளர்ந்து, உள்ளே பருப்பு அசையும். ரேக்கில் ஏறிய வரிசையிலேயே பாக்கெட்டுகள் மேசைக்கு இறங்க வேண்டும் என்பதால் டிரேக்களுக்கு வரிசை எண் ஒட்டப்பட்டுள்ளது. டிரேக்களை இடம் மாற்றி வைக்கக் கூடாது.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் நான்கு விஷயங்கள் பார்க்கப்படும். முதலாவது சீல்: சுருக்கம், கருகல், பருப்புப் பொடி ஒட்டிய இடம், தளர்வு. நமது அனுபவத்தில் சீல் போகக் காரணம் பெரும்பாலும் மெஷின் அல்ல; பருப்பைக் கொட்டும்போது கவரின் வாய்ப்பகுதியில் படியும் பொடிதான். ஆகவே புனலைத் துடைக்கும் துணியை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இரண்டாவது எடை: காலிக் கவரின் எடையைக் கழித்து 500 கிராமுக்குக் குறைந்தால் அது குறைப் பாக்கெட். சட்டமுறை எடையளவு விதிகள் சிறு வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தாலும், நமது வரிசையில் அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதில்லை. மூன்றாவது அச்சு: பேட்ச் எண், அடைத்த தேதி, விலை ஆகியவை படிக்கும்படி இருக்க வேண்டும். நான்காவது, கவர் வழியே தெரியும் பருப்பு: உடைந்தது, கரும்புள்ளி விழுந்தது, தோல் போகாதது. ஒரு பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 15 விநாடி ஆகும்.

மெட்டல் டிடெக்டர் இத்திட்டத்துக்குள் வராது. முழுச் சோதனையானாலும் பகுதிச் சோதனையானாலும் எல்லாப் பாக்கெட்டும் அதன் வழியே போயே ஆக வேண்டும். மாதிரி எடுத்து உலோகத் துண்டு இல்லை என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டாம்.

குறைப் பாக்கெட் சிவப்பு டிரேயில் போடப்படும். அதன் இடத்தில் ஏற்கெனவே சோதித்த நல்ல பாக்கெட் ஒன்று வைக்கப்படும். சிவப்பு டிரேயில் உள்ளவற்றைப் பிரித்து, பருப்பைப் பார்த்து, புதுக் கவரில் அடைத்தால் அது வரிசையில் புதுப் பாக்கெட்டாகவே நுழையும்.

பகுதிச் சோதனையில் குறை அகப்பட்டால், அதற்கு முன் சோதிக்காமல் போன பாக்கெட்டுகளைத் தேடிப் பிடிக்க டாட்ஜ் முறை சொல்லவில்லை. சீல், எடைக் குறைகளுக்கு நாமும் தேட மாட்டோம். ஆனால் அச்சுக் குறை அப்படிப்பட்டதல்ல. பிரிண்டரில் மை தீர்ந்தால் ஒரு பாக்கெட்டோடு நிற்காது, அடுத்தடுத்து எல்லாமே வெறுமையாகப் போகும். ஆகவே அச்சுக் குறை கண்டால், கடைசியாகத் தேறிய மாதிரிவரை பின்னோக்கி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இடையில் அதிகபட்சம் 18 பாக்கெட்டுகளே இருக்க முடியும். அதற்காகவே 20 பாக்கெட் கொள்ளும் அட்டைப்பெட்டியை, அடுத்த பெட்டி நிறையும்வரை டேப் ஒட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

இத்திட்டம் என்ன உறுதி தருகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். வரிசையில் உண்டாகும் குறை விகிதம் p, நல்லவற்றின் விகிதம் q = 1 − p எனில், சோதிக்கப்படும் பங்கு F, வெளியே போகும் சராசரிக் குறை AOQ ஆகியவை கீழே உள்ளன; i என்பது தொடர்ந்து தேற வேண்டிய எண்ணிக்கை, f என்பது பகுதிச் சோதனையில் எடுக்கும் பங்கு:

```
F   = f / (f + (1 - f) * q^i)
AOQ = p * (1 - F)
i = 100, f = 1/10
```

குறை 0.5 சதவீதமாக இருந்தால் முழுச் சோதனை ஒரு முறைக்குச் சராசரியாக 130 பாக்கெட்டும், பகுதிச் சோதனை 2,000 பாக்கெட்டும் நீடிக்கும்; மொத்தத்தில் 15.5 சதவீதமே சோதிக்கப்படும். வெளியே போகும் குறை 0.42 சதவீதம். குறை 2 சதவீதமானால் முழுச் சோதனை 327, பகுதிச் சோதனை 500 என்றாகி, வெளியே போவது 1.09 சதவீதமாக உயரும். குறை 4 சதவீதமானால் முழுச் சோதனை 1,457 பாக்கெட்டுவரை இழுக்கும். கிட்டத்தட்ட எல்லாமே சோதிக்கப்படுவதால் வெளியே போவது 0.53 சதவீதமாகக் குறைந்துவிடும். அதாவது வரிசை எவ்வளவு மோசமானாலும், அந்த நிலை சீராக இருக்கும்வரை, நீண்ட காலச் சராசரியில் 1.1 சதவீதத்துக்கு மேல் குறை வெளியே போகாது. இது சராசரிக்கான உறுதியே அன்றி, ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கான உறுதி அல்ல.

சீராக இருக்கும்வரை என்ற நிபந்தனையை லேசாக எண்ணக் கூடாது. ஜெரால்ட் லீபர்மேன் 1953இல் காட்டியபடி, வரிசையின் தரம் சோதனையின் நிலையைப் பார்த்து மாறினால், அதாவது முழுச் சோதனை நடக்கும்போது நன்றாகவும் பகுதிச் சோதனை நடக்கும்போது மோசமாகவும் இருந்தால், வெளியே போகும் குறை (1/f − 1) / (1/f + i) வரை உயரலாம். நமது எண்களுக்கு அது 9/110, ஏறத்தாழ 8.2 சதவீதம். எவரும் வேண்டுமென்று அப்படிச் செய்யமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மேசையில் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கை தானாகவே கவனமாகும், பத்துக்கு ஒன்று என்று தெரிந்தால் தளரும். ஆகவே நிலையைக் காட்டும் பலகை சீலிங் மெஷின் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. எந்த நிலை நடக்கிறது என்பதைச் சீலிங் பகுதிக்குச் சொல்லவும் கூடாது. ரேக்கில் அரை மணி நேரம் கழிவதால், இப்போது அடைக்கும் பாக்கெட் மேசைக்கு வரும்போது எந்த நிலை இருக்கும் என்று அவர்களால் கணிக்க முடியாது என்பது நமக்கு வாய்த்த நல்ல வசதி.

மேசைக்கு இரண்டு பணியாளர்கள் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு 4 பாக்கெட் பார்ப்பார் என்பதால், 6 வரும் வரிசைக்கு முழுச் சோதனையில் இருவரும் தேவை. பகுதிச் சோதனையில் ஒருவரே போதும். மற்றவர் அதே மேசையில் பெட்டி அடைக்கலாம். அவரைத் தரம் பிரிப்புக்கோ லோடு ஏற்றவோ அனுப்பக் கூடாது. ஆள் இல்லாத காரணத்தால் முழுச் சோதனைக்குத் திரும்ப முடியாவிட்டால் சீலிங் மெஷினை நிறுத்த வேண்டும். பத்துக்கு ஒன்று என்றே தொடர்வது இத்திட்டத்தை எடுத்துவிடுவதற்குச் சமம்.

முழுச் சோதனை தொடங்கி 500 பாக்கெட் கடந்தும் தொடர்ந்து நூறு தேறவில்லை என்றால் வரிசை நிறுத்தப்படும். அப்போது ஃபோர்மேன் சூட்டுப் பட்டை, டேப், பம்ப் எண்ணெய், தராசு ஆகியவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் காரணம் எழுதிய பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். குறைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே நாள் முழுவதும் ஓட்டுவது சோதனை ஆகாது.

ஷிப்ட் தொடக்கம், கவர் ரோல் மாற்றம், டேப் அல்லது சூட்டுப் பட்டை மாற்றம், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட மின்தடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பிறகு முழுச் சோதனையிலிருந்தே தொடங்க வேண்டும். ஜூனிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இரு மழைக்காலங்கள் பெறும் நமது மாவட்டத்தில் மின்தடை அடிக்கடி வரும் என்பதால், அந்த மாதங்களில் சோதனை அளவு கூடுவது இயல்பே. அதைக் காரணமாகக் காட்டி நூறை ஐம்பதாகக் குறைக்கக் கோர வேண்டாம்.

முதல் குறைக்குப் பின் சிறிது பொறுத்துப் பார்க்க இடம் தரும் மாற்றுத் திட்டத்தை டாட்ஜும் டோரியும் 1951இல் வெளியிட்டனர். அது வேலையை நிதானமாக்கும் என்றாலும், ஒவ்வொரு மாதிரிக்கும் இன்னொரு எண்ணிக்கையை நினைவில் வைக்கச் சொல்கிறது. மூன்று மாதப் பதிவேட்டைப் பார்த்த பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் நிலை மாறிய நேரம், அப்போதைய பாக்கெட் எண், குறையின் வகை, பட்டையில் அது இருந்த இடம் ஆகிய நான்கும் மேசைப் பணியாளரின் கையெழுத்தோடு எழுதப்படும். ஷிப்ட் முடிவில் சூப்பர்வைசர் அதைத் தரக்கட்டுப்பாட்டு அறையில் ஒப்படைக்க வேண்டும்.